"வீட்டில் இருக்கப் பிடிக்கும்" என்று எழுதினேன், யார் யாரோ வந்தார்கள்

பொடிமாஸ்

திருமண ஆப், டேட்டிங் ஆப் இரண்டிலும் அறிமுகம் எழுதி அனுபவப்பட்டவர்கள் உங்கள் கதையைச் சொல்லுங்கள். முதலில் என்னுடையது.

வயது 31, கோயம்புத்தூர்ப் பக்கம். பெங்களூரில் வேலை. எனக்கு சனிக்கிழமை என்றால் சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடை, அப்புறம் வீடு, அடுப்பு. அதே தெருவில் மேல்மாடி முழுக்க பப்தான். எட்டரை மணிக்கு மேல் கீழே நடக்கும்போதே நெஞ்சுக்குள் டிரம்ஸ் அடிக்கும். அலுவலகத்தில் நாலு தடவை இழுத்துப் போனார்கள். நாலு தடவையும் பக்கத்தில் இருப்பவர் சொன்னது காதில் விழாமல் சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அதனால் அறிமுகத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினேன்: "வீட்டில் இருக்கவே பிடிக்கும். வாசிப்பு, சமையல். பப், பார்ட்டி பிடிக்காது." அவ்வளவுதான்.

இரண்டு வாரத்தில் வந்தது மூன்று வகை. முதல் வகை "எனக்கும் பார்ட்டி பிடிக்காது". நான் "ஓ, நல்லது" என்பேன், அத்தோடு பேச்சு முடிந்தது. பிடிக்காததை வைத்து எவ்வளவு நேரம்தான் பேசுவது? இரண்டாவது வகை, "பப்புக்குப் போறவங்க எல்லாம் கெட்டவங்களா?" என்று சண்டைக்கு வந்தவர்கள். மூன்றாவதுதான் கொடுமை. ஒரு பையனின் அம்மாவே எழுதினார்: "என் மகனுக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்காதும்மா. உன்னை மாதிரி பொண்ணைத்தான் தேடுறோம்." சரி, அம்மா எழுதுவது தப்பில்லை என்று அந்த மகனை ஒரு காபிக் கடையில் சந்தித்தேன். நல்ல மனிதர்தான். காபி வந்ததும் முதல் கேள்வி: "கல்யாணத்துக்கு அப்புறம் வேலையை விட்டுடுவீங்கல்ல? வீட்ல இருக்கப் பிடிக்கும்னு போட்டிருந்தீங்களே."

நான் எழுதியதை அவர் தப்பாகப் படிக்கவில்லை. அந்த வாக்கியத்துக்கு நம் ஊரில் அதுதான் அர்த்தம். இதை எப்படி மாற்றி எழுதுவது?

ரிட்டயர்டு அப்பா

அம்மா பொடிமாஸ், நான் என் மகளுக்கு பயோடேட்டா எழுதியவன். ராசி, நட்சத்திரம், உயரம், சம்பளம், உடன் பிறந்தோர் எல்லாம் ஒரே பக்கத்தில் வர வேண்டும். பொழுதுபோக்கு கடைசி வரி. அதற்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை. "ஹோம்லி" என்று ஒரு வார்த்தை போட்டால் போதும், எல்லாம் அதில் அடங்கிவிடும். அந்தக் காலத்துப் பேப்பர் விளம்பரத்தில் வரிக்கு இவ்வளவு என்று காசு, அதனால் அந்த ஒரு சொல் எங்களுக்குப் பெரிய உதவி.

பொடிமாஸ்

அப்பா, வம்பே அந்தச் சொல்தான்! அது இல்லாமலே எனக்கு இந்தக் கதி.

மேட்ரிமோனி அக்கா

ஒரு வரன் பார்க்கும் நிறுவனத்தில் ஆறு வருஷம் சுயவிவரம் திருத்துவதுதான் என் வேலையாக இருந்தது. பெயர் வேண்டாம். ரிட்டயர்டு அப்பா சொல்வது பெற்றோர் பார்க்கும் தளத்தில் பாதி சரி. அங்கே முதலில் வடிகட்டுவது வயது, படிப்பு, ஊர், சாதகம். ஆனால் வடிகட்டி முடித்து இருபது பேர் மிஞ்சும்போது பையனோ பெண்ணோ அந்தக் கடைசி வரியைத்தான் படிப்பார்கள்.

"ஹோம்லி" என்பதைப் பெண் எழுதினால் 'சமைப்பாள், அடங்கி இருப்பாள், வேலை இரண்டாம் பட்சம்' என்று படிப்பார்கள். அதையே ஆண் எழுதினால் 'அம்மா பிள்ளை' அல்லது 'லட்சியம் இல்லாதவன்'. ஒரே குணம், இரண்டு விலை. ஆகவே குணத்தின் பெயரை எழுதக் கூடாது, அந்த நாளை எழுத வேண்டும். "வீட்டில் இருக்கப் பிடிக்கும்" என்பதில் ஆள் தெரியவில்லை. படிப்பவர் தனக்கு வேண்டிய ஆளை அதில் உட்கார வைத்துக்கொள்வார். "சனிக்கிழமை பழைய புத்தகக் கடைக்குப் போய் எட்டரைக்குள் வீடு திரும்புவேன்" என்றால் சொந்தமாக வெளியே போய்வரும் ஒரு பெண் தெரிகிறாள். வேலைக்காரியைத் தேடுபவர் அங்கேயே நகர்ந்துவிடுவார்.

சமையலும் அப்படித்தான். "சமையல் பிடிக்கும்" என்பதற்கு யாரும் பதில் எழுத முடியாது. ஒரு பதார்த்தத்தின் பெயர் சொல்லுங்கள், அதற்குப் பதில் வரும். நீங்கள் கொங்குக்காரி, அரிசிம்பருப்பு இருக்கும்போது வேறென்ன வேண்டும்? கூடவே 'உனக்கும் இதில் வேலை உண்டு' என்று ஒரு வரி. அது இல்லாவிட்டால் மறுபடி அந்த அம்மாதான் வருவார்.

நைட் ஷிப்ட்காரன்

என் கதையையும் கேளுங்கள். நான் ஆண், 34, சென்னை. வீட்டை விட்டு நகர மாட்டேன். "நன்றாகச் சமைப்பேன்" என்று எழுதினேன். வந்த செய்திகளில் பாதி "வாவ், சோ ஸ்வீட்". நேரில் பார்த்தால் "வீட்லயே இருக்கீங்களே, வேலை இருக்கா?" நான் இரவு ஷிப்ட் என்பதால் பகலில் வீட்டில் இருப்பேன், அதைப் போய் விளக்கிக்கொண்டிருந்தேன். அப்புறம் வீட்டைப் பற்றியே எழுதாமல் "மீன் குழம்பு முதல் நாளை விட மறுநாள்தான் ருசி என்று நம்புகிறவன்" என்று ஒரே வரி போட்டேன். ஒருத்தி வந்து "மண்சட்டியில வைச்சாத்தான்" என்றாள். ஏழு மாதம் பேசினோம். கல்யாணம் வரை போகவில்லை, அது வேறு கதை. ஆனால் அந்த வரி வேலை செய்தது.

யுனிகோடு தம்பி

அக்கா, தமிழிலேயே எழுதுங்கள். ஆப்பில் 300 எழுத்துதான் என்றால், தமிழில் கொஞ்ச எழுத்தில் நிறையச் சொல்லலாம்.

மேட்ரிமோனி அக்கா

தம்பி, பாதி சரி. சொல் சுருக்கம் உண்மைதான். ஆனால் பல ஆப்களில் கணக்கு நாம் எண்ணுகிற மாதிரி இல்லை. "புத்தகம்" நமக்கு ஐந்து எழுத்து. அது எண்ணுவது எட்டு, ஏனென்றால் உகரக் குறி, புள்ளி எல்லாம் தனித்தனியாகக் கணக்கில் வரும். "சமையல்" நமக்கு நாலு, அதற்கு ஆறு. அதனால் 300 என்று போட்டிருந்தால் நம் கணக்கில் இருநூறுக்குள்தான் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். கடைசி வாக்கியம் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும் சுயவிவரம் எத்தனை பார்த்திருப்பேன்!

சத்தக்காரன்

ஒரு மாற்றுக் கருத்து. பப் பிடிக்காது என்பதை நேரே எழுதுவதில் என்ன தப்பு? எனக்கு வெள்ளிக்கிழமை டான்ஸ் இல்லாமல் முடியாது. என் முன்னாள் தோழி அதை மறைத்து "எல்லாம் ஓகே" என்று எழுதியிருந்தாள். மூன்று மாதம் என்னோடு வந்தாள், ஒவ்வொரு தடவையும் தலைவலி. முதலிலேயே எழுதியிருந்தால் இரண்டு பேருக்கும் மூன்று மாதம் மிச்சம். நான் ஒன்றும் கெட்டவன் இல்லை, பாட்டு சத்தமாக இருந்தால்தான் எனக்கு மனசு லேசாகும்.

பொடிமாஸ்

அண்ணா, உங்களைக் கெட்டவர் என்று நான் சொல்லவேயில்லை. ஆனால் நீங்கள் சொல்வது சரி, அதை விடவும் கூடாது.

மேட்ரிமோனி அக்கா

விடச் சொல்லவில்லை. அடுத்தவரைத் தொடாமல் எழுதலாம். "பார்ட்டி போகிறவர்கள் வேண்டாம்" என்றால் அது தீர்ப்பு. "கத்திப் பேச வேண்டிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது" என்றால் அது உங்கள் காதின் குறை. சத்தக்காரன் தம்பி அதைப் படித்தால் கோபப்பட மாட்டார், நகர்ந்து போவார். அதுவும் ஒரு வரி போதும். மூன்று வரியும் பிடிக்காததாகவே இருந்தால் படிப்பவருக்கு வாசலில் 'நாய் ஜாக்கிரதை' போர்டு பார்த்த மாதிரி இருக்கும்.

இன்னொன்று, பெண்களுக்குக் குறிப்பாக. கடைப் பெயர், குடியிருக்கும் பகுதி, "தினமும் எட்டு மணிக்குமேல் வீட்டில் தனியாக" இதெல்லாம் சேர்ந்து வரக் கூடாது. பழக்கம் மட்டும் தெரியட்டும், முகவரி தெரிய வேண்டாம்.

ரிட்டயர்டு அப்பா

இதை என் மகள் அப்போதே சொன்னாள். நான்தான் கேட்கவில்லை.

பொடிமாஸ்

நேற்று இரவு உட்கார்ந்து திருத்தினேன். இதுதான்:

"சனிக்கிழமை சாயங்காலம் பழைய புத்தகக் கடை, எட்டரைக்குள் வீடு. அரிசிம்பருப்பு சாதம் நானே வைப்பேன். பாத்திரம் கழுவ ஆள் தேவை. கையில் பாதி படித்த துப்பறியும் நாவல். கொலைகாரன் யாரென்று சொல்லிவிடாதீர்கள். கத்திப் பேச வேண்டிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. வேலையை விடும் எண்ணம் இல்லை."

தம்பி கணக்குப்படி இல்லாமல் ஆப் கணக்குப்படி எண்ணினேன், இடைவெளி உட்பட 276. கடைசி வரி கொஞ்சம் முறைப்பாக இருக்கிறதா?

நைட் ஷிப்ட்காரன்

இருக்கு. ஆனா இருக்கட்டும்.

மேட்ரிமோனி அக்கா

எனக்கு அதில் சம்மதமில்லை. முந்தைய வரியெல்லாம் கேட்பவரை உள்ளே கூப்பிடுகிறது, அது மட்டும் அந்தக் காபிக் கடை மனிதருக்குப் பதில் சொல்கிறது. அவர்தான் போய்விட்டாரே. அதை எடுத்துவிட்டு உங்கள் வேலை பற்றி ஒரு வரி வைத்தால் அதே அர்த்தம் தானாக வரும்.

பொடிமாஸ்

யோசிக்கிறேன் அக்கா. இப்போதைக்கு எடுக்க மனசு வரவில்லை.

(பத்து நாள் கழித்து)

வரியை எடுக்கவில்லை. செய்திகள் முன்பைவிடக் குறைவு, பத்து நாளில் ஆறுதான். அம்மாக்கள் யாரும் இல்லை! ஒருவர் "பாத்திரம் கழுவுவேன், குக்கர் மூடி ரப்பர் மட்டும் நீங்க" என்று எழுதினார், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இரண்டு பேர் எதையுமே படிக்காமல் "ஹாய்". இன்னொருவர் ஈரோட்டுக்காரர், எடுத்த எடுப்பில் "ஒரு டம்ளர் அரிசிக்கு எவ்வளவு பருப்பு போடுவீங்க?" என்றார். நான் கால் டம்ளருக்குக் கொஞ்சம் மேலே என்றேன். அவர் வீட்டில் மூன்றில் ஒரு பங்காம், பூண்டை உரிக்காமல் தட்டிப் போடுவார்களாம். இரண்டு நாளாக இதே சண்டை. கொலைகாரன் யார் என்று மட்டும் இதுவரை சொல்லவில்லை.

யுனிகோடு தம்பி

அக்கா, தண்ணீர் எவ்வளவு ஊற்றுவீங்க? நான் வைத்தால் உதிர் உதிராக வருகிறது.

பொடிமாஸ்

அரிசியும் பருப்பும் சேர்த்து அளந்து, ஒன்றுக்கு மூன்று தம்பி. குழைவாக வேண்டுமென்றால் இன்னும் அரை டம்ளர். பருப்பை அரை மணி நேரம் ஊறப்போடு. சின்ன வெங்காயம், சீரகம் தாளித்து, சுடச்சுட இருக்கும்போது மேலே நெய். ஈரோட்டுக்காரர் நல்லெண்ணெய் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை மதியம், கூட்டமில்லாத ஒரு மெஸ்ஸில் பார்த்துத் தீர்த்துக்கொள்வதாகப் பேச்சு.