ω = 1.94 வைத்தால் எண்கள் வெடிக்கின்றன, ω = 1 வைத்தால் நடுப்புள்ளி 24.80ல் நிற்கிறது: எங்கே தப்பு?

அசோக்_மெக்

வணக்கம். இறுதியாண்டு இயந்திரவியல் படிக்கிறேன். ஒரு சதுரத் தகடு. மேல் விளிம்பு 100 டிகிரி, மற்ற மூன்று விளிம்புகளும் 0. நிலையான வெப்பநிலையைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் தன் நான்கு அண்டைப் புள்ளிகளின் சராசரி என்பதுதான் சமன்பாடு.

முதலில் பக்கத்துக்கு 20 பிரிவு வைத்து, இரண்டு ஃபார் லூப் போட்டு எழுதினேன். ஒவ்வொரு திருத்தத்தையும் பெருக்கும் எண்தான் ω, நிரலில் w. ω = 1.5க்கு நன்றாகவே வேலை செய்தது. அப்புறம் பக்கத்துக்கு 100 பிரிவாக்கினேன். லூப் ரொம்ப மெதுவாக இருந்ததால் நம்பையில் இப்படி மாற்றினேன்:

```python
gs = 0.25*(u[:-2,1:-1] + u[2:,1:-1]
         + u[1:-1,:-2] + u[1:-1,2:])
u[1:-1,1:-1] += w*(gs - u[1:-1,1:-1])
```

100 பிரிவுக்கு ஏற்ற ω சுமார் 1.94 என்று வகுப்புக் குறிப்பில் இருக்கிறது. அதை வைத்தால் 40 சுற்றுக்குள் மதிப்புகள் கோடிகளைத் தாண்டிவிடுகின்றன. 1.5க்கு இறக்கினாலும் அதே கதைதான். 1 வைத்தால் மட்டும் அடங்குகிறது, ஆனால் 10,700 சுற்றுக்கு மேல் ஓடுகிறது. ஒரு சுற்றில் எந்தப் புள்ளியும் 0.0001க்கு மேல் மாறவில்லை என்றால் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். நின்றபோது நடுப்புள்ளி 24.80. அது 25 ஆக இருக்க வேண்டும் இல்லையா? எங்கே தப்பு செய்கிறேன்?

கார்த்தி_நியூமரிக்ஸ்

ω 0க்கும் 2க்கும் நடுவில் இருந்தால் இந்த அணிக்கு எஸ்ஓஆர், அதாவது ω-வால் பெருக்கித் திருத்தும் முறை, ஒருங்கியே தீரும், அதற்குத் தேற்றமே இருக்கிறது. அதனால் ω மேல் தப்பு இல்லை. விளிம்பு மதிப்புகள் நடுவில் எங்கேயாவது அழிகின்றனவா என்று பாருங்கள். அவசரம் என்றால் ω = 0.8 வைத்து ஓட்டுங்கள், கண்டிப்பாக அடங்கும்.

பவர்_ராஜா

தம்பி, நான் மின்தொகுப்பில் லோட் ஃப்ளோ கணக்குப் போடுகிறவன். காஸ்-சைடலில் ஆக்சலரேஷன் ஃபேக்டர் 1.6 வைத்தால் போதும், நாங்கள் வருடக்கணக்காக அதைத்தான் வைக்கிறோம். 1.94 எல்லாம் ஓவர். 1.6ல் விட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

முத்துலட்சுமி

அசோக், விளிம்பில் தப்பு இல்லை, ω-விலும் தப்பு இல்லை. லூப்பை நம்பைக்கு மாற்றியபோது முறையே மாறிவிட்டது.

லூப்பில் நீங்கள் ஒரு புள்ளியைத் திருத்தியதும், அடுத்த புள்ளி அந்தப் புது மதிப்பையே எடுத்துக்கொண்டது. அதுதான் காஸ்-சைடல். நம்பை வரியில் `gs` முழுவதும் பழைய மதிப்புகளிலிருந்து ஒரே மூச்சில் கணக்கிடப்படுகிறது. ஆக இது ஜேகோபி. ஜேகோபியை 1க்கு மேல் தள்ளக் கூடாது.

காரணத்தைக் கையாலேயே பார்த்துவிடலாம். சதுரங்கப் பலகை போல +, − என்று மாறி மாறி வரும் பிழையை நினைத்துக்கொள்ளுங்கள். + புள்ளிக்கு நான்கு அண்டைகளும் −. அவற்றின் சராசரி ஏறக்குறைய அதே அளவு, எதிர்க்குறி. அப்படியானால் ஒரு சுற்றில் பிழை (1 − ω) − ω, அதாவது 1 − 2ω மடங்காகிறது. ω = 1.5 என்றால் −2. ஒவ்வொரு சுற்றிலும் பிழை இரட்டித்து, குறியும் மாறும். 1.94 என்றால் −2.88. உங்கள் 1.5 ஓட்டத்தில் கடைசிச் சில சுற்றுகளை அச்சிட்டுப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் எதிர்க்குறியில் இருக்கும், சுற்றுக்குச் சுற்று இரட்டிக்கும். அப்படி இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கார்த்தி சொன்ன தேற்றம் உண்மைதான், ஆனால் அது வரிசையாகத் திருத்திக்கொண்டே போகும் முறைக்கு. இந்த நிரல் அந்த முறையே அல்ல. 0.8 வைத்தால் அடங்கும் என்பதும் சரிதான். ஆனால் ஏற்கெனவே ஊர்ந்து போவதை இன்னும் மெதுவாக்கி, உண்மையான கோளாறை மறைத்துவிடும்.

நம்பையை விட வேண்டாம். புள்ளிகளைச் சிவப்பு, கறுப்பு என்று சதுரங்கம் போலப் பிரியுங்கள். ஒரு சிவப்புப் புள்ளியின் அண்டைகள் எல்லாமே கறுப்பு. அதனால் சிவப்பை எல்லாம் ஒரே நேரத்தில் திருத்தலாம்; அப்புறம் புதிய சிவப்பை வைத்துக் கறுப்பை எல்லாம் திருத்தலாம்.

```python
I, J = np.indices((n-1, n-1))
inner = u[1:-1,1:-1]
for s in (0, 1):
    m = (I + J) % 2 == s
    gs = 0.25*(u[:-2,1:-1] + u[2:,1:-1]
             + u[1:-1,:-2] + u[1:-1,2:])
    inner[m] += w*(gs[m] - inner[m])
```

`n` உங்கள் 100. `gs` வரி உள் லூப்புக்குள் இருப்பது முக்கியம், அதை வெளியே எடுத்தால் மறுபடி ஜேகோபிதான். வரிசை மாறினாலும் இந்த ஐந்து புள்ளி வாய்ப்பாட்டுக்குச் சிறந்த ω மாறாது.

இனி அந்த 24.80. நடுப்புள்ளி 25 என்பது சரியே: சூடான விளிம்பை நான்கு பக்கமும் மாற்றி மாற்றி வைத்த நான்கு தகடுகளைக் கூட்டினால் தகடு முழுக்க 100, சமச்சீரால் ஒவ்வொன்றின் பங்கும் 25. நீங்கள் இன்னும் பாதி வழியில் இருக்கும்போதே நிறுத்திவிட்டீர்கள். 100 பிரிவில் ஜேகோபியின் பிழை சுற்றுக்கு cos(π/100) = 0.999507 மடங்காகத்தான் குறைகிறது. அப்படியென்றால் ஒரு சுற்றில் நகர்வது மீதமுள்ள பிழையில் 0.000493 பங்கு மட்டுமே. நகர்வு 0.0001 ஆனபோது மீதம் 0.0001 / 0.000493, அதாவது 0.20. 25லிருந்து 0.20 கழித்தால் உங்கள் 24.80. மெதுவான முறையில் "மாறவில்லை" என்பதற்கு "வந்து சேர்ந்துவிட்டது" என்று பொருள் இல்லை.

அசோக்_மெக்

மேடம், 1.5 ஓட்டத்தை அச்சிட்டுப் பார்த்தேன். அப்படியே +, −, +, −. ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பு! சிவப்பு-கறுப்புக்கு மாற்றி 1.94 வைத்ததும் 300 சுற்றுக்குள் நின்றது, நடுப்புள்ளி 25.00. ஆனால் 1.6 வைத்தால் ஆயிரக்கணக்கில் ஓடுகிறது. ராஜா அண்ணாவுக்கு 1.6 போதுமாக இருக்கிறது, எனக்கு ஏன் போதவில்லை?

முத்துலட்சுமி

அவர் கணக்கு நேரியல் அல்லாதது, இணைப்பும் வேறு மாதிரி. அங்கே 1.6 அனுபவத்தில் கிடைத்த எண். உங்கள் தகட்டுக்கு வாய்ப்பாடே உண்டு: ω = 2 / (1 + sin(π/n)). டேவிட் யங் 1950ல் ஹார்வர்டில் கொடுத்த முனைவர் ஆய்வின் பலன் இது. n = 20 என்றால் 1.73, 100 என்றால் 1.939. கட்டம் நுண்மையாக ஆக ω 2ஐ நெருங்கும். அதனால்தான் 20 பிரிவில் 1.5 உங்களுக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை.

n = 100க்குப் பிழையைப் பத்து லட்சத்தில் ஒரு பங்காக்க எத்தனை சுற்று வேண்டும் என்று நான் போட்டுப் பார்த்த கணக்கு: ω = 1க்குச் சுமார் 14,000. 1.5க்கு 4,700. 1.8க்கு 1,500. 1.9க்கு 660. 1.939க்கு 220. 1.96க்கு 340. நீண்டகால வேகத்தை மட்டும் வைத்துப் போட்டவை இவை. சிறந்த ω-வில் நிஜத்தில் இன்னும் கொஞ்சம் கூடவே ஆகும்.

இடது பக்கமும் வலது பக்கமும் ஒன்றுபோல் இல்லை என்பதைக் கவனியுங்கள். 0.04 குறைத்தால் மூன்று மடங்கு வேலை, 0.02 கூட்டினால் ஒன்றரை மடங்குதான். சிறந்த ω-வுக்கு இடப்பக்கம் வளைவு செங்குத்தாக விழுகிறது. வலப்பக்கம் பிழை சுற்றுக்கு வெறும் ω − 1 மடங்காகிறது, அது மெல்ல ஏறும் நேர்கோடு. சந்தேகம் என்றால் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள்.

கதவை மூட மேலே ஒரு குழாய் பொருத்தியிருப்பார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். இறுக்கம் அதிகமானால் கதவு ஊர்ந்து வரும், இளகிவிட்டால் நிலையில் மோதி அசையும். ω குறைவாக இருந்தால் நடுப்புள்ளி கீழிருந்தே ஊர்ந்து ஏறும். மிகுந்தால் 25ஐ நன்றாகத் தாண்டிவிட்டுத் திரும்பி வரும். பத்துச் சுற்றுக்கு ஒருமுறை நடுப்புள்ளியை அச்சிட்டால் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். ஒன்று, முதல் 50 சுற்றைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். சிறந்த ω-வில் தொடக்கத்தில் எண்கள் கொஞ்சம் அலையும்.

பவர்_ராஜா

சரிம்மா, எங்கள் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்துவிட்டேன். எங்கள் பக்கம் 1.7க்கு மேல் போனால் சில கேஸ் கெட்டுப்போகும், அந்தப் பயம்தான்.

அசோக்_மெக்

இன்னொரு சிக்கல். ப்ராஜெக்டில் இருக்கிற தகடு சதுரமே இல்லை. நடுவில் ஒரு நீள்துளை, ஒரு பாதி செம்பு, ஒரு பாதி எஃகு. அதற்கு sin(π/n) பொருந்துமா?

முத்துலட்சுமி

பொருந்தாது, ஆனால் ω-வை ஓட்டத்திலிருந்தே எடுக்கலாம். முதலில் ω = 1 வைத்து, சிவப்பு-கறுப்பு முறையிலேயே நூறு இருநூறு சுற்று ஓட்டுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் மொத்த நகர்வை முந்திய சுற்றின் நகர்வால் வகுங்கள். அந்த விகிதம் ஒரு எண்ணில் நிலைக்கும்; அதை ρ என்று வைத்துக்கொண்டால் ω = 2 / (1 + √(1 − ρ)). இரு உலோகத்தின் எல்லையிலும் ஒரு புள்ளி தன் நான்கு அண்டைகளோடு மட்டும் இணைகிறது என்றால் இது செல்லும்.

பொறி எங்கே என்றால், விகிதம் நிலைத்துவிட்டது போலத் தெரியும், உண்மையில் மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். உங்கள் சதுரத் தகட்டில் உண்மையான ρ 0.99901. அவசரப்பட்டு 0.998ல் நிறுத்தினால் ω = 1.914 வரும். எண்ணாகப் பார்த்தால் சின்ன வித்தியாசம்தான், ஆனால் 220 சுற்றுக்குப் பதில் 540.

கார்த்தி_நியூமரிக்ஸ்

வரிசை விஷயத்தை நான் கவனிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு உலோகம் என்று வந்தபின் ω தேடி அலைவதைவிட கான்ஜுகேட் கிரேடியன்ட்டுக்குப் போவதே நல்லது. அதில் தேர்ந்தெடுக்க ω-வே கிடையாது.

முத்துலட்சுமி

சுற்று எண்ணிக்கை அதிலும் கிட்டத்தட்ட n-க்கு ஏற்பத்தான் வளரும். செம்பும் எஃகும் சேர்ந்தால் முன்சீரமைப்பு இல்லாமல் அதுவும் திணறும். இந்த அளவுக்கு நான் எஸ்ஓஆரையே வைத்துக்கொள்வேன். பக்கத்துக்கு ஆயிரம் பிரிவு என்றால் உங்கள் பக்கம் வந்துவிடுவேன்.

கார்த்தி_நியூமரிக்ஸ்

இரண்டையும் அதே தகட்டில் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். நான் இன்னும் கான்ஜுகேட் கிரேடியன்ட் பக்கம்தான்.

அசோக்_மெக்

துளைத் தகட்டில் ω = 1 வைத்து ஓட்டினேன். 200 சுற்றில் விகிதம் 0.9971, 400ல் 0.9974, இன்னும் ஏறுகிறது. 0.9974க்கு ω = 1.903 வருகிறது. நீங்கள் சொன்னபடி கூடுதல் பக்கமாக 1.92 வைத்து இன்று இரவு ஓட்டுகிறேன். நடுப்புள்ளிக்குப் பதில் துளையின் ஓரத்துப் புள்ளியை அச்சிடப் போகிறேன். அது ஊர்கிறதா, தாண்டித் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.