கழுத்தைத் தேய்த்த கையால் எழுதிய கடிதம்

திருப்பூர் அம்மா

பிள்ளைகளின் தோற்றத்தைப் பற்றி மற்ற பிள்ளைகள் பேசியதை நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று இந்தப் பெற்றோர் குழுவில் கேட்டிருந்தார்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன். சமாளித்தேனா என்று தெரியவில்லை.

மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி திறந்த மூன்றாவது வாரத்திலிருந்து காலையில் தலை பின்னும்போது ஒரே தகராறு. அவள் பள்ளியில் ரெட்டைச் சடை போட்டு, மடித்து, ரிப்பன் கட்டியாக வேண்டும். மடித்துக் கட்டினால் பின்கழுத்து முழுக்கத் தெரியும். "மடிக்காம விடும்மா" என்பாள். "மிஸ் வெளியே நிறுத்துவாங்க" என்று நான் இழுத்துக் கட்டுவேன். அப்புறம் பவுடர் டப்பா பத்தே நாளில் காலியாக ஆரம்பித்தது.

அவள் கழுத்தின் பின்பக்கம் கருப்பாக, கொஞ்சம் தடிப்பாக, வெல்வெட் துணியைத் தொட்டாற்போல இருக்கும். நானும் அதை அழுக்கு என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலில் பீர்க்கங்காய் நாரும் எலுமிச்சம்பழத் தோலும் வைத்துத் தேய்ப்பேன். "எரியுதும்மா" என்று கத்துவாள். "ஒழுங்காக் குளிச்சிருந்தா எதுக்கு எரியுது" என்பேன்.

ஒருநாள் அவளது ரஃப் நோட்டின் பின் அட்டையில் வேறு யாரோ கையெழுத்தில் இருந்தது: "தார் ரோடு. வேலை நடைபெறுகிறது." பவுடர் போட்டுப் போன நாளில் "சுண்ணாம்பு அடிச்சாச்சு" என்று சிரித்திருக்கிறார்கள். பின் பெஞ்சில் நாலு பேர், அதில் இரண்டு பேர் பெண் பிள்ளைகள். கேட்டதும் அவள் அழவில்லை. "அழுக்குன்னு நீயும்தானே சொல்ற" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

மறுவாரம் தோல் மருத்துவரிடம் போனோம். அவர் முதலில் செய்தது ஒரே ஒரு காரியம். பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து, கழுத்தில் நன்றாக அழுத்தித் துடைத்து, அந்தப் பஞ்சை மகளிடம் நீட்டினார். வெள்ளையாகவே இருந்தது. "அழுக்கா இருந்தா இதுல வந்திருக்கும். இது அழுக்கு இல்லைம்மா, தோலே இப்படித் தடிச்சிருக்கு. தேய்க்கத் தேய்க்க இன்னும் கருக்கும்" என்றார். உடம்பில் இன்சுலின் கூடுதலாகச் சுரந்தால் கழுத்து, அக்குள், முழங்கை இங்கெல்லாம் இப்படி வருமாம். வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை 94, சரியாகத்தான் இருந்தது. இன்சுலின்தான் அதிகம். தினமும் நடக்கச் சொன்னார், மைதா பலகாரத்தையும் பாட்டில் குளிர்பானத்தையும் குறைக்கச் சொன்னார், மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். நிறம் மாறும், ஆனால் மெதுவாகத்தான் மாறும் என்றார்.

வீட்டுக்கு வந்தும் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நேரில் பேசினால் நான் அழுதுவிடுவேன், இல்லையென்றால் அதட்டிவிடுவேன். அதனால் கடிதம் எழுதினேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். முதலாவதில் "நீ அழகுதான் கண்ணு" என்று இருந்தது. படித்துப் பார்த்தேன், அம்மா என்றால் அப்படித்தான் சொல்வாள் என்று தள்ளிவிடுவாள். இரண்டாவதில் "மன அழகுதான் முக்கியம்" என்று எழுதியிருந்தேன். அதற்கு என்ன அர்த்தம்? முகம் சரியில்லை என்று நானும் ஒத்துக்கொண்டதாகத்தானே? மூன்றாவது இது. மகளிடம் கேட்டுவிட்டுத்தான் இங்கே போடுகிறேன்.

*கண்ணு,*

*ரஃப் நோட்டைப் பார்த்துட்டேன். உன்னைக் கேட்காம எடுத்தது தப்பு. அதுல எழுதியிருந்ததை இங்க திரும்ப எழுதல. ஆனா அது விளையாட்டு இல்லைன்னு எனக்குத் தெரியும். "கண்டுக்காத விடு"ன்னு உன்கிட்ட சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு எட்டு பீரியட் உன் கழுத்துக்குப் பின்னாடி உட்கார்ந்திருக்கிறவங்களை எப்படிக் கண்டுக்காம இருப்ப?*

*எனக்கு வேலையே குறை கண்டுபிடிக்கிறதுதான். உனக்குத் தெரியும், பனியன் கம்பெனியில செக்கிங். ஒரு பீஸை எடுத்தா கழுத்துப் பட்டி, கை, ஓரத் தையல்னு பார்த்து, எங்கயாவது கறையோ ஓட்டையோ இருந்தா அந்த இடத்துல சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளி வெச்சிடுவேன். மத்த இடம் எவ்வளவு நல்லா இருந்தாலும் எனக்குக் கணக்கு இல்லை. அந்தக் கண்ணோடயே வீட்டுக்கு வந்து உன்னைப் பார்த்திருக்கேன். உன் கழுத்துல முதல் அம்புக்குறியை ஒட்டினது உன் கிளாஸ் பிள்ளைங்க இல்லை, நான்.*

*டாக்டர் அந்தப் பஞ்சைக் காட்டினப்ப நீ என்னைப் பார்த்தியே, அதை மறக்க மாட்டேன். எத்தனை ஞாயித்துக்கிழமை தேய்ச்சேன்னு எண்ணிப் பார்த்தேன். முடியல. மன்னிச்சிடு. இனிமே உன் கழுத்தை உன்னைக் கேட்காம தொட மாட்டேன்.*

*அம்மிச்சிக்குக் கண் ஆபரேஷன் ஆனப்ப நடந்ததைச் சொல்றேன். முதல் வாரம் ஆறு வேளை, அடுத்த வாரம் அஞ்சு வேளைன்னு சொட்டு மருந்து குறைஞ்சுக்கிட்டே வரணும். எனக்கும் மாமாவுக்கும் குழப்பம். நீ காலண்டர் பின்பக்கத்துல கட்டம் போட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் டிக் அடிச்ச. ராத்திரி சொட்டுக்கு எழுந்திருக்க அலாரம் வெச்ச. யாரும் சொல்லல. அம்மிச்சி இப்ப ஊசியில நூல் கோக்கிறாங்க. அந்த ஆறு வாரத்துல உன் கழுத்து எப்படி இருந்துச்சுன்னு வீட்டுல ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை.*

*ஸ்கூலுக்கு வந்து பேசணுமா வேண்டாமான்னு நீ சொல்லு. நீ வேண்டாம்னா இந்த வாரம் வர மாட்டேன். அடி, தள்ளுமுள்ளுன்னு போனா உன்னைக் கேட்காமலே வந்துடுவேன், அதையும் இப்பவே சொல்லிடறேன்.*

*அம்மா*

நடைப்பயிற்சி, சாப்பாடு பற்றி இதில் ஒரு வரிகூட எழுதவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். "உன் தோற்றத்தில் உன் மதிப்பு இல்லை, ஆனால் மூணு கிலோ குறை" என்று ஒரே தாளில் எழுதினால் இரண்டாவது பாதிதான் அவள் காதில் விழும்.

கோவை சித்தி

கவலைப்படாதீங்க. கடலை மாவு, தயிர், அரை மூடி எலுமிச்சை கலந்து இருபது நிமிஷம் ஊற வைங்க. என் தங்கச்சி பொண்ணுக்குப் பளிச்சுன்னு ஆச்சு.

சேலம் செவிலி

சித்தி, அவர் மருந்து கேட்கவில்லை. எலுமிச்சையைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து, இருப்பதைவிடக் கருத்த தழும்பு விழும். அப்படி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

திருப்பூர் அம்மா, பஞ்சு வைத்துத் துடைத்துப் பார்த்தது நல்ல மருத்துவர் செய்கிற வேலை. சில பேருக்கு உண்மையிலேயே செதில் படிந்து கருப்பாக இருக்கும். அது ஸ்பிரிட்டில் வந்துவிடும், உங்கள் மகளுக்கு இருப்பது வராது. ஒன்று மட்டும் கவனம். மகளே கைச்செலவுக் காசில் மருந்துக் கடைக்குப் போய் 'வெள்ளையாகும் கிரீம்' வாங்கிவிடப் போகிறாள். சீட்டு இல்லாமல் கொடுக்கிற டியூபில் ஸ்டீராய்டு கலந்தது நிறைய உண்டு. முதல் சில வாரம் வெளுத்தமாதிரி தெரியும், பிறகு தோல் மெலிந்து, சிவந்து, ரத்தக் குழாய் தெரியும். நிறுத்தினால் எரியும், அதற்குப் பயந்து மறுபடி போடுவார்கள். பள்ளிப் பையைச் சோதிக்க வேண்டாம், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஈரோடு அப்பா

இது சர்க்கரை வியாதியின் ஆரம்பம்தான். இனிப்பை முழுசா நிறுத்துங்க, ஒரே மாசத்துல கழுத்து வெளுத்துடும். பொண்ணுகிட்ட நேராவே சொல்லிடுங்க, பயந்தாத்தான் கேட்பாங்க.

சேலம் செவிலி

பாதி சரி அண்ணா. பின்னால் சர்க்கரை வர வாய்ப்பு அதிகம் என்பது உண்மை, இன்றைக்கு அவளுக்குச் சர்க்கரை இல்லை. ஒரு மாதத்திலும் வெளுக்காது. வெளுக்கவில்லையே என்று அந்தப் பிள்ளை சாப்பாட்டையே நிறுத்திவிட்டால் என்ன செய்வீர்கள்? ஒல்லியான பிள்ளைகளுக்கும் இது வருகிறது, சில குடும்பங்களில் வழிவழியாகவும் வருகிறது. அதனால் 'தின்று தின்று வந்தது' என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.

நாகர்கோவில்காரன்

நான் ஆம்பளை, இங்க எழுதலாமான்னு தெரியல. எட்டாவதுல இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் என் பேர் 'ஈர்க்குச்சி'. வாத்தியார்கூட வருகைப்பதிவு எடுக்கும்போது ஒருநாள் அப்படிக் கூப்பிட்டார். அம்மாகிட்ட சொன்னேன். "விடுடா, உன் மாமா மாதிரி நீயும் பின்னாடி உடம்பு வெச்சிடுவ"ன்னாங்க. இப்ப எனக்கு நாற்பத்தி ஒண்ணு, தொப்பை இருக்கு. முழுக்கைச் சட்டை தவிர வேற போடறதில்லை. என்ன வெயில் அடிச்சாலும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை

கடிதத்தில் "நீ சொல்லு" என்று விட்டது எனக்குப் பிடித்தது. நான் ஒரு தப்பு செய்திருக்கிறேன். ஒரு பெண்ணை உருவத்தைச் சொல்லிக் கேலி செய்த மூன்று பேரை வகுப்பு முன்னால் நிற்க வைத்து மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். அதுவரை ஒரு பெஞ்சுக்குத் தெரிந்திருந்த பட்டப்பெயர், மறுநாள் பி பிரிவுக்கும் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் சின்னக் காரியம்தான். எல்லோருக்கும் இடம் மாற்றுகிறேன் என்று சொல்லி மொத்த வகுப்பையும் மாற்றுவேன். அந்தப் பிள்ளைக்குப் பின்னால் வேறு ஆள் வருவார். கேலி செய்தவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுவேன், மூன்று பேரையும் சேர்த்து ஒருநாளும் கூப்பிட மாட்டேன். ரஃப் நோட்டு அட்டையைக் கிழித்து எறியாதீர்கள், தேதி போட்டு எடுத்து வையுங்கள். பள்ளி கண்டுகொள்ளாவிட்டால் 14417 கல்வி உதவி எண்ணில் சொல்லலாம்.

ஒரு குறையும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சொட்டு மருந்துக் கதை அருமையானதுதான். ஆனால் அவள் உதவியாக இருந்ததால் மதிப்பு என்று ஆகிவிடுகிறதே. நாளைக்கு அவள் ஒரு வேலையும் செய்யாமல் படுத்துக் கிடந்தால்?

திருப்பூர் அம்மா

டீச்சர், இரண்டு நாளாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பிறந்த அன்றைக்கு உன்னைக் கையில் வாங்கினேன் என்று எழுதினால் இந்த வயதில் "ஐயோ அம்மா" என்பாள்.

கடிதத்தைக் கணக்கு நோட்டில் வைத்தேன். ஒரு வாரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் ஒருநாள் சாப்பிடும்போது, "ராத்திரி சொட்டு கிடையாது, காலைல ஆறு மணிக்குத்தான் அலாரம் வெச்சேன். தப்பா எழுதியிருக்க" என்றாள். அவ்வளவுதான். பள்ளிக்கு வர வேண்டாம் என்றும் சொன்னாள். இன்னும் போகவில்லை. சாயங்காலம் நானும் அவளும் ரேஷன் கடை வரைக்கும் நடந்து போய்த் திரும்புகிறோம், எனக்கு மூட்டு வலி என்று சொல்லித்தான் கூப்பிட்டேன். சடையை இன்னும் மடிக்க விடுவதில்லை. தினமும் மிஸ்ஸிடம் திட்டு வாங்குகிறாள்.

கடிதம் இப்போது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கணக்கு நோட்டில் இல்லை. பார்த்துவிட்டேன்.