ஜிப்சம் சுவத்துல டிவி மாட்டணும், எந்த ஆங்கர் போடலாம்?

வணக்கம் மக்களே, நமக்கு ஊரு மண்டபம், வீடு கடலுக்கு ரொம்ப பக்கம். ஹாலை ரெண்டா பிரிச்சு ஜிப்சம் போர்டு பார்ட்டிஷன் போட்டிருக்கோம், போர்டு 12.5 எம்எம், உள்ள வெறும் காத்துதான். அதுல 43 இன்ச் டிவி மாட்டணும், பிராக்கெட்டோட சேத்து ஒரு 10 கிலோ வரும். போன வாரம் மாட்ட வந்த தம்பி செங்கல் சுவத்துக்கு போடுற பிளாஸ்டிக் பிளக்கையே அடிச்சுட்டாரு, ஸ்குரூவ முறுக்க முறுக்க பிளக்கும் சேந்து சுத்துச்சு, இழுத்தா மாவு மாதிரி கொட்டிட்டு கையோட வந்துருச்சு, நல்லவேள டிவி மாட்டல.

அப்புறம் காந்தத்த சுவத்துல தடவி ஸ்குரூ தலை எங்கருக்குன்னு பாத்தேன், தகர ஸ்டட் 2 அடிக்கு ஒண்ணு நிக்குது. பிராக்கெட்டோட ஒரு ஓரம் ஸ்டட்ல வருது, மறு ஓரம் பொள்ளல்ல வருது. ஸ்டட்ல செல்ஃப் டிரில்லிங் ஸ்குரூவும், பொள்ளல்ல உள்ள போயி றெக்க விரிக்கிற பட்டர்ஃபிளை போல்ட்டும் போட்டா தாங்குமா? இல்ல ரெண்டு ஸ்டட்டுக்கும் எட்டுற மாதிரி 18 எம்எம் பிளைவுட் அடிச்சு அதுமேல மாட்டிரவா? சுவத்தோட ஒட்டுற பிராக்கெட்தான், இழுத்து திருப்புறது இல்ல.

இன்னொண்ணு, உப்புக்காத்துல இங்க சாதா ஆணி சீக்கிரமே துருப்பிடிச்சுரும். எஸ்எஸ் பட்டர்ஃபிளை போல்ட் ராம்நாடு பக்கம் எங்க கிடைக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.