ஹிஸ்டோகிராம் சுருங்கியும் விலை இறங்கவில்லை: எங்கே தவறினேன்?

கரிசல்மண்
வணக்கம். மேக்டி ஹிஸ்டோகிராமின் பச்சைப் பட்டைகள் சுருங்கத் தொடங்கினால் ஏற்றத்தின் வேகம் தளர்கிறது என்று படித்திருக்கிறேன். இன்று காலை அப்படியே சுருங்கியதால் ஷார்ட் எடுத்தேன், ஆனால் விலை இறங்கவில்லை. பிற்பகலில் பட்டை சிவப்பாகவே மாறியதால் இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். ஒரு மணி நேரத்திற்குள் விலை மேலே போய் ஸ்டாப்லாஸ் அடித்துவிட்டது. அமைப்புகள் எல்லாம் வழக்கமானவைதாம். பிழை எங்கே என்று யாராவது விரைவாகச் சொன்னால் நல்லது.

மெழுகுத்திரி
எந்த டைம்ஃப்ரேம், சுருங்குவதற்கு முன் விலை எப்படி ஏறியது, கேண்டில் முடிந்த பிறகு பார்த்தீர்களா அல்லது ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்த்தீர்களா? இந்த மூன்றும் தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

பழையகணக்கு
இதே கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. மேக்டி என்பது விலையின் இரண்டு நகரும் சராசரிகளுக்கு இடையிலான வித்தியாசம், பின்தங்கி வரும் கருவி. அதை வைத்து உச்சியைப் பிடிக்க நினைப்பவர் முதலில் அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பட்டையின் நிறம் போதும்.

ஆடிக்காற்று
சிக்கல் சராசரிகளின் நீளமான 12, 26, 9 என்ற எண்களில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. வாரத்திற்கு ஆறு நாள் சந்தை நடந்த காலத்தில் இரண்டு வாரத்திற்குப் பன்னிரண்டு, ஒரு மாதத்திற்கு இருபத்தாறு என்று வைத்ததாகச் சொல்வார்கள். கிரிப்டோ சந்தைக்கு விடுமுறையே கிடையாது. ஆகவே 14, 30 என்று மாற்றிப் பாருங்கள், சரியாகிவிடும்.

மெழுகுத்திரி
ஐயா, அவர் பார்ப்பது பதினைந்து நிமிடச் சார்ட்டாக இருந்தால் இருபத்தாறு கேண்டில் என்பது ஆறரை மணி நேரம்தான். அங்கே வாரத்திற்கும் மாதத்திற்கும் என்ன வேலை?

நெய்தல்நிலம்
எனக்கும் ஹிஸ்டோகிராமில் ஒரு சந்தேகம் உண்டு. டோஜ்காயினின் 2021ஆம் ஆண்டுத் தினசரிச் சார்ட்டைப் பார்க்கிறேன். ஜனவரி இறுதியில் ஒரு சென்டுக்கும் கீழிருந்த விலை சில நாள்களில் பல மடங்கானது. ஆனால் அந்த இடத்தில் பட்டைகள் கண்ணுக்கே தெரியவில்லை. மே மாதத்தில் எழுபது சென்டைத் தாண்டிய இடத்தில் மட்டும் கோபுரம்போல் நிற்கின்றன. அப்படியானால் ஜனவரியில் வேகம் இல்லை என்று கொள்ளலாமா?

கரிசல்மண்
மன்னிக்கவும், எல்லோருக்கும் தெரிந்ததாக நினைத்துவிட்டேன். பதினைந்து நிமிடச் சார்ட்; கேண்டில் முடிந்த பிறகே முடிவெடுத்தேன். சிறிய காயின், பெயர் வேண்டாம். இரவு முழுவதும் 1,000 ரூபாயை ஒட்டியே அசையாமல் நின்றது. காலை 9:30 கேண்டிலில் ஒரே தாவலாக 1,100க்குப் போனது. அதன்பின் ஐந்து ரூபாய் மேலே, ஐந்து ரூபாய் கீழே என்று அங்கேயே நின்றது. பச்சை வெளிறி இரண்டு பட்டைகள் வந்ததும், 11:00 மணிக்கு ஷார்ட் எடுத்தேன்.

மெழுகுத்திரி
சிவப்புப் பட்டை ஏறக்குறைய ஒன்றேகால் மணிக்கு வந்திருக்க வேண்டும். சரிதானா?

கரிசல்மண்
ஆம், 1:15க்கு முடிந்த கேண்டிலில். எப்படித் தெரிந்தது?

மெழுகுத்திரி
உங்கள் சார்ட்டைப் பார்க்காமலே அதைச் சொல்ல முடிந்தது என்பதில்தான் உங்கள் பிழை இருக்கிறது.

1,000இல் நின்ற விலை ஒரே கேண்டிலில் 1,100 ஆகிறது, அதன்பின் ஒரு பைசாகூட அசையவில்லை என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். தாவல் நடந்த கேண்டிலில் ஹிஸ்டோகிராம் 6.4 இருக்கும். விலை நின்றுபோன பிறகும் அது வளர்ந்து, நான்காவது கேண்டிலில் 12.2ஐத் தொடும். ஐந்தாவதில் 11.7, ஆறாவதில் 10.6 என்று சுருங்கத் தொடங்கி, பதினான்காவதில் ஏறத்தாழ பூஜ்யமாகி, பதினைந்தாவதில் சிவப்பாகும். 9:30 கேண்டிலை ஒன்றாவதாக வைத்து எண்ணினால், ஆறாவது கேண்டில் 11:00க்கு முடிகிறது, பதினைந்தாவது 1:15க்கு முடிகிறது. நீங்கள் ஷார்ட் எடுத்ததும் சேர்த்ததும் இந்த இரண்டு இடங்களில்தான்.

இந்த மூன்றே முக்கால் மணி நேரத்தில் விற்பவர் யாரும் புதிதாக வரவில்லை, வாங்குபவர் யாரும் விலகவில்லை. ஒரே ஒரு கேண்டிலின் நினைவு இரண்டு சராசரிகளிலிருந்தும் வெவ்வேறு வேகத்தில் கரைவதைத்தான் நீங்கள் வேகத் தளர்ச்சி என்று படித்தீர்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: ஒன்பதாவது கேண்டில் வரை மேக்டி கோடு ஏறிக்கொண்டேதான் இருக்கும். அது ஏறும்போதே பட்டை சுருங்குகிறது, ஏனெனில் பட்டை காட்டுவது அந்தக் கோட்டிற்கும் அதன் சராசரியான சிக்னல் கோட்டிற்கும் உள்ள இடைவெளியை மட்டுமே.

பழையகணக்கு
கணக்கு சரிதான். ஆனால் தாவிய விலை மேலே நகராமல் நின்றதே, அதுவே வேகம் குறைந்ததற்கு அடையாளம் இல்லையா? கருவி பொய் சொல்லவில்லை, தம்பி அதைத் தவறாகப் படித்தார், அவ்வளவுதான்.

மெழுகுத்திரி
அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விலை நின்றது என்பது 9:45க்கே சார்ட்டில் தெரிந்த செய்தி. பட்டை அதை ஒரு மணி நேரம் கழித்துப் புதிய செய்திபோல் சொன்னது. அதுவரை, விலை நின்றிருந்தபோதே வேகம் கூடுவதாகக் காட்டிக்கொண்டிருந்தது.

விலை நிற்காமல் சீராக ஏறினாலும் இதே குழப்பம் வரும். அசையாமல் நின்ற விலை, கேண்டிலுக்குப் பத்து ரூபாய் வீதம் ஏறத் தொடங்குகிறது, அந்த வீதம் மாறவே இல்லை என்று கொள்ளுங்கள். பதினான்காவது கேண்டில் வரை பட்டை வளரும், பிறகு பூஜ்யத்தை நோக்கிச் சுருங்கிக்கொண்டே போகும், ஆனால் சிவப்பாகாது. மேக்டி கோடு 70ஐ நெருங்கி நிலைத்துவிடும். விலை அதே பத்து ரூபாய் வீதம் ஏறிக்கொண்டிருக்க, பட்டையை மட்டும் பார்ப்பவர் ஒவ்வொரு கேண்டிலிலும் ஏற்றம் முடியப்போகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார். ஏற்றத்தின் வேகம் கூடுவது நின்றுவிட்டது என்பதைத்தான் அது சொல்கிறது. வேகம் போய்விட்டது என்று சொல்லவில்லை.

ஆடிக்காற்று
அப்படியானால் நான்கு மணி நேரச் சார்ட்டுக்குப் போய்விட்டால் இந்த இரைச்சல் அடங்கிவிடும் அல்லவா? நான் அதில்தான் பார்க்கிறேன், நன்றாகவே வேலை செய்கிறது.

மெழுகுத்திரி
சிறு தாவல்கள் அடங்கும், பெரியவை அடங்கா. ஒரே நான்கு மணி நேரக் கேண்டிலில் பத்து விழுக்காடு தாவும் காயின்கள் ஏராளம். அங்கேயும் பதினைந்தாவது கேண்டிலில்தான் சிவப்பு வரும், ஆனால் அந்தப் பதினான்கு கேண்டில் இடைவெளி ஐம்பத்தாறு மணி நேரமாக நீளும். நீங்கள் சொன்ன 14, 30 அமைப்பிலும் கதை இதுவே, சற்றுத் தாமதமாக நடக்கும்.

நான் செய்வது ஒன்றுதான்: பட்டை சுருங்கினால் முதலில் பின்னோக்கிப் பார்த்து, மற்றவற்றைவிடப் பல மடங்கு நீண்ட கேண்டில் ஏதாவது அண்மையில் இருக்கிறதா என்று தேடுவேன். அதிலிருந்து எண்ணி, சுருக்கம் ஐந்தாவது கேண்டிலை ஒட்டித் தொடங்கியிருந்தால், விலையே தாழ்ந்த உச்சிகளை அமைக்காதவரை அதைப் பொருட்படுத்தமாட்டேன்.

நெய்தல்நிலம் கேட்டது வேறு விஷயம். மேக்டி என்பது விலையின் அலகில் வரும் எண். ஒரு சென்ட் விலையில் ஐம்பது விழுக்காடு ஏறினால் அரை சென்ட். ஐம்பது சென்ட் விலையில் அதே ஏற்றம் இருபத்தைந்து சென்ட். பட்டையின் உயரமும் அப்படியே மாறும். பைன் ஸ்கிரிப்ட் தெரிந்தால் விலைக்குப் பதிலாக அதன் மடக்கையைக் கொடுத்துப் பாருங்கள், ஜனவரி எழுந்து நிற்கும்:

```
[m, s, h] = ta.macd(math.log(close), 12, 26, 9)
```

பழையகணக்கு
மடக்கை போட்டாலும் தாவலின் தழும்பு போகாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு அதை வைத்து ஒருவர் ஷார்ட் எடுத்துவிட்டு இங்கே வந்து நிற்பார்.

நெய்தல்நிலம்
போட்டுப் பார்த்தேன், ஜனவரிப் பட்டைதான் இப்போது பெரிதாக இருக்கிறது. ஆனால் அதன்பின் அதுவும் சுருங்குகிறதே, அதை எப்படிப் படிப்பது?

கரிசல்மண்
கடந்த வாரச் சார்ட்டில் நீண்ட கேண்டில்களிலிருந்து எண்ணிப் பார்த்தேன். நான் எடுத்த நான்கு ஷார்ட்டுகளில் மூன்று, ஐந்தாவது ஆறாவது கேண்டிலில்தான் இருக்கின்றன. நான்காவதில் நீண்ட கேண்டில் எதுவும் இல்லை, ஆனாலும் நஷ்டம்தான். அதைப் பற்றி நாளை எழுதுகிறேன். நன்றி.