கோர்ட்ல இருந்து முதல் தடவையா சம்மன் வந்துருக்கு, இது யார் அனுப்புனது, எந்த தேதிக்கு போகணும்?

புதுப்பிரதிவாதி:
வணக்கம். வேலைக்காக வெளியூர்ல இருக்கேன், நேத்து ஜூன் 13 ஊருக்கு வந்தப்ப அப்பா ஒரு கவரை எடுத்து நீட்டுனாரு. கோர்ட்ல இருந்து ஒருத்தர் வந்து கொடுத்தாராம், 6ஆம் தேதியே கையெழுத்து போட்டு வாங்கி வச்சிருக்காரு, என்கிட்ட போன்ல கூட சொல்லல. உள்ள அச்சடிச்ச ஃபாரம், பேனாவுல நிரப்புனது. மேல மாவட்ட உரிமையியல் நீதிமன்றம்னு இருக்கு, O.S. நம்பர், வாதினு என் பழைய ஃப்ரெண்ட் பேரு, பிரதிவாதினு என் பேரு. ஜூலை 22 காலை 10.30க்கு "நேரிலோ அல்லது தகுந்த வக்கீல் மூலமாகவோ" ஆஜராகணும், தவறினா நான் இல்லாமலே வழக்கு விசாரிச்சு தீர்மானிக்கப்படும்னு போட்டிருக்கு. அவன்ட்ட ப்ரோநோட் எழுதி 3 லட்சம் வாங்கினேன், பாதி திருப்பி கொடுத்தாச்சு, அதுக்கு ரசீது வாங்கல. அடியில ஜட்ஜ் கையெழுத்து இல்ல, யாரோ ஆபீசர் கையெழுத்தும் சீலும்தான். இது நிஜமா கோர்ட் அனுப்புனதா, இல்ல அவன் வக்கீல் அனுப்புனதா? போலீஸ் வருவாங்களா? ஜூலை 22க்கு போனா போதுமா?

சும்மாஇருப்போன்:
பயப்படாத ப்ரோ, இதெல்லாம் வக்கீல் நோட்டீஸ் மாதிரிதான், பதில் போடலனா ஒன்னும் ஆகாது. எனக்கும் ரெண்டு வந்துச்சு, தூக்கி ஓரமா வச்சிட்டேன்.

செக்கேஸ்காரன்:
யோவ் ஓரமா வைக்க சொல்லாத. எனக்கு செக் பவுன்ஸ் கேஸ்ல சம்மன் வந்துச்சு, போகாம விட்டேன், அடுத்து வாரண்ட், ஸ்டேஷன்ல இருந்து ஆள் வந்துட்டாங்க. நீங்க 22ஆம் தேதி நேர்ல நின்னே ஆகணும், ஜாமீன்தாரர் ரெண்டு பேரை ரெடி பண்ணிக்கோங்க.

ரிட்டயர்டு_சிரஸ்தார்:
ரெண்டு பேரும் தம்பியை ஆளுக்கொரு பக்கமா இழுக்கிறீங்க. செக் கேஸ் மாஜிஸ்திரேட் கோர்ட்டுல நடக்கிற கிரிமினல் கேஸ், அதுல வாரண்ட் வரும். தம்பிக்கு வந்தது O.S., அதாவது சிவில் வழக்கு, இங்க போலீஸும் இல்ல ஜாமீனும் இல்ல. ஆனா வக்கீல் நோட்டீஸும் இல்ல. வக்கீல் நோட்டீஸ்னா வக்கீலோட லெட்டர்பேடுல "என் கட்சிக்காரர் சொன்னபடி"னு ஆரம்பிக்கும், வழக்கு நம்பர் இருக்காது, ஏன்னா அப்ப வழக்கே போட்டிருக்க மாட்டாங்க. உங்களுக்கு நம்பர் விழுந்தாச்சு, கோர்ட் சீலும் இருக்கு. வழக்கு போட்டது உங்க ஃப்ரெண்ட், உங்களை கூப்பிடுறது கோர்ட். ஜட்ஜ் கையெழுத்து இல்லையேனு யோசிக்க வேண்டாம், அவர் நியமிச்ச ஆபீசர் கையெழுத்து போடலாம்னு சட்டத்துலயே இருக்கு, நானே ஆயிரக்கணக்குல போட்டிருக்கேன். சந்தேகம் இருந்தா services.ecourts.gov.in போயி அந்த O.S. நம்பரை வருஷத்தோட போட்டு பாருங்க, உங்க பேரும் அடுத்த வாய்தாவும் வரும். கவர் கூட பிராது நகல், அதாவது உங்க ஃப்ரெண்ட் கோர்ட்ல போட்ட வழக்கு மனுவோட நகல் இருந்துச்சா?

புதுப்பிரதிவாதி:
நன்றி சார், ஆன்லைன்ல இருக்கு, அதே ஜூலை 22. பிராதுனு ஏழு பக்கம் தைச்சு வச்சிருக்காங்க, மேலோட்டமா படிச்சேன், நான் பாதி கொடுத்ததை பத்தி ஒரு வரி கூட இல்ல. அப்ப இன்னும் அஞ்சு வாரம் டைம் இருக்குல்ல, பொறுமையா வக்கீல் பாத்துக்கலாம்.

ரிட்டயர்டு_சிரஸ்தார்:
அங்கதான் எல்லாரும் கோட்டை விடுறது. சம்மன்ல கண்ணுக்கு தெரியற தேதி ஒன்னு, தெரியாத தேதி ஒன்னு. ஜூலை 22 நீங்க ஆஜராக வேண்டிய நாள். எழுத்து மூலமான பதிலுரை போட வேண்டிய கெடு சம்மன் உங்களுக்கு சார்வு ஆன நாள்ல இருந்து 30 நாள், வாய்தா தேதியில இருந்து இல்ல. அப்பா கையெழுத்து போட்டது ஜூன் 6, நீங்க ஊர்ல இல்லாதப்ப கூட இருக்கிற வயசு வந்த குடும்பத்து ஆள் வாங்குனா உங்களுக்கே கொடுத்த மாதிரிதான், நீங்க 13ல பாத்தேங்கிறது கணக்குல வராது. 7ஆம் தேதியை ஒன்னுனு எண்ணுங்க, ஜூன் முடியறப்ப 24, ஜூலை 6ல 30. அதாவது 22ஆம் தேதி நீங்க கோர்ட் வாசல் மிதிக்கிறப்ப 30 நாள் முடிஞ்சு 16 நாள் ஆகியிருக்கும்.

நோட்டரிமணி:
சார் அவ்ளோ பயமுறுத்தாதீங்க. நான் வக்கீல் ஆபீஸ்ல இருக்கேன், முதல் வாய்தாவுல, வக்கீல் உங்களுக்காக ஆஜராக நீங்க கையெழுத்து போட்டு கொடுக்கிற வக்காலத்தை போட்டு டைம் கேட்டா கொடுப்பாங்க, தினமும் நடக்கிறதுதான். 30 நாள்லாம் பேப்பர்ல இருக்கிறது.

ரிட்டயர்டு_சிரஸ்தார்:
கொடுப்பாங்க, இல்லைனு சொல்லல. காரணத்தை எழுதி வச்சு 90 நாள் வரைக்கும் நீட்டலாம், தம்பிக்கு அது செப்டம்பர் 4. அதையும் தாண்டி ஏத்துக்கிட்டதும் உண்டு, சாதாரண வழக்குல 90 நாள் கெடு இறுக்கமான தடை இல்லைனு சுப்ரீம் கோர்ட்டே 2005ல சொல்லியிருக்கு. ஆனா அது ஜட்ஜ் மனசு வச்சா கிடைக்கிறது, உரிமையா கேக்க முடியாது, சில இடத்துல காஸ்ட் கட்ட சொல்லுவாங்க. அப்புறம் தம்பி, சம்மன் தலைப்புல சிவில் நடைமுறைச் சட்டத்தோட 37ஆவது ஆர்டர்னு எங்கயாவது இருக்கா பாருங்க, ப்ரோநோட் கேஸ்ல சில பேர் அப்படி போடுவாங்க, அதுல ஆஜர் ஆகறதுக்கே 10 நாள்தான்.

புதுப்பிரதிவாதி:
37னு எதுவும் இல்ல சார், "எழுவினாக்கள் வகுப்பதற்கு"னு இருக்கு.

ரிட்டயர்டு_சிரஸ்தார்:
நல்லது. எழுவினானா வழக்குல எதெதுல தகராறுனு கோர்ட் எழுதி வைக்கிற கேள்வி. அப்ப 22ஆம் தேதி சாட்சி விசாரணை இருக்காது, யாரையும் கூட்டிட்டு போக வேண்டாம். "இறுதித் தீர்வுக்காக"னு இருந்திருந்தா உங்க சாட்சிகளையும் அன்னைக்கே கொண்டு போகணும். நீங்களும் நேர்ல போக வேண்டிய கட்டாயம் இல்ல, வக்கீல் போனா போதும், நேர்லதான் வரணும்னா கோர்ட் தனியா உத்தரவு போட்டு அதை சம்மன்லயே எழுதியிருக்கும். யாருமே போகலனாதான் எக்ஸ்பார்ட்டி ஆக்கிட்டு பிராதுல சொன்ன முழு தொகைக்கும் டிக்ரி கேப்பாங்க, நீங்க பாதி கொடுத்ததை அங்க சொல்ல ஆள் இருக்காது. சும்மாஇருப்போன் சார், உங்க ரெண்டு கவரையும் எடுத்து நம்பர் இருக்கானு பாருங்க முதல்ல.

செக்கேஸ்காரன்:
ஓ சாரி ப்ரோ, ஜாமீன்தாரர் வேண்டாம் போல. ஆனா பணம் கொடுத்ததுக்கு ரசீது இல்லாட்டியும் பேங்க்ல அனுப்பினதா இருந்தா ஸ்டேட்மென்ட் எடுத்து வைங்க.

புதுப்பிரதிவாதி:
ஒரு லட்சம் அக்கவுண்ட்ல போட்டது இருக்கு, மீதி 50 ஆயிரம் கையில கொடுத்தேன், அதை எப்படி காட்டுறதுனு தெரியல. இன்னொன்னு சார், நீங்க தேதினு சொன்னதுக்கு அப்புறம் கவரை திருப்பி பார்த்தேன், பிராதுக்கு பின்னாடி வேற ஒரு ஷீட் ஸ்டேபிள் ஆகி ஒட்டிக்கிட்டு இருக்கு, அதுல O.S. நம்பருக்கு மேல I.A. நம்பர்னு இருக்கு, "ஏன் பிணையம் கொடுக்கக் கூடாது" அப்படின்னு ஏதோ, கீழ என் வீட்டு சர்வே நம்பர். தேதி ஜூன் 18.

ரிட்டயர்டு_சிரஸ்தார்:
ஜூலையை விடுங்க. I.A.னா வழக்குக்குள்ளயே போடுற இடைக்கால மனு. தீர்ப்புக்கு முன்னாடியே வீட்டை ஜப்தி பண்ண மனு போட்டிருக்காங்க, அதுக்குதான் அந்த ஷீட். அன்னைக்கு யாரும் நிக்கலனா வீட்டு மேல ஜப்தி உத்தரவு விழலாம், அப்புறம் விக்கவோ அடமானம் வைக்கவோ போனா சிக்கல். இன்னைக்கு 14. நாளைக்கே ஒரு வக்கீலை பாத்து சம்மன், பிராது, இந்த ஷீட் மூணையும் சேர்த்து கையில கொடுத்துடுங்க, 18ஆம் தேதி வக்காலத்து உள்ள இருக்கணும்.

நோட்டரிமணி:
ஆமா ப்ரோ, I.A.வுக்கு பதிலா போடுற கவுன்டர் தனி, பிராதுக்கு போடுற பதிலுரை தனி. நான் அந்த ஷீட்டை யோசிக்கவே இல்ல.