நீண்ட இடைவெளிக்குப் பின் ஓட்டம்: வாரம் பத்து சதவீதக் கணக்கு பொருந்துமா?

தாமரைச்செல்வன்:
எட்டு மாதமாக ஓடவில்லை. அதற்கு முன் வாரம் ஐந்து நாள், மொத்தம் 50 கி.மீ., லாங் ரன் 18 கி.மீ. வரை போகும். காயத்தால் நிற்கவில்லை, வேலைச்சுமைதான். ஒவ்வொரு வாரமும் போன வாரத் தூரத்தைவிடப் பத்து சதவீதம் மட்டும் கூட்டிக்கொண்டே போனால் போதுமா? எங்கிருந்து தொடங்குவது?

பொறுமை:
போதும். வாரம் 8 கி.மீ.யில் தொடங்குங்கள், பத்து சதவீதமாக ஏற்றுங்கள், இருபது வாரத்தில் பழைய 50-ஐத் தொட்டுவிடுவீர்கள். எட்டு மாதம் நின்றவருக்கு ஐந்து மாதம் அதிகமில்லை. இந்த விதி துல்லியமான அறிவியல் என்று யாரும் சொல்லவில்லை. திரும்பி வருகிறவர்கள் அநேகமாக எல்லாரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள்: பழைய வேகத்தையும் பழைய தூரத்தையும் மனதில் வைத்துக்கொண்டு மூன்றாவது வாரமே பாய்கிறார்கள். அதைத் தடுக்க ஒரு எண் வேண்டும். பத்து நினைவில் நிற்கிற எண்.

ரவி_டெம்போ:
பத்து சதவீதம் எல்லாம் 2008-லயே அடிபட்டுப் போச்சுங்க. நெதர்லாந்துல க்ரோனிங்கன்ல புது ஓட்டக்காரங்க 500 பேருக்கு மேல வச்சு சோதனை பண்ணாங்க. ஒரு பாதிக்குப் பத்து சதவீத விதிப்படி 13 வாரம், இன்னொரு பாதிக்கு வழக்கமான 8 வாரத் திட்டம். ரெண்டு பக்கமும் அஞ்சுல ஒருத்தருக்குக் காயம். வித்தியாசமே இல்ல. அதுவும் இவரு புது ஆள் கிடையாது. வாரம் 50 ஓடின உடம்பு, தசை மறக்காது. நான் சொன்னா பாதியில இருந்து, 25-ல ஆரம்பிக்கலாம். ஆறு வாரத்துல பழைய இடத்துக்கு வந்துடலாம்.

காலைநடை:
எதற்கு இவ்வளவு யோசனை? காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துவிட்டு எழுந்தேன், அடுத்த வாரமே வழக்கமான 30 கி.மீ. ஓடினேன். ஒன்றும் ஆகவில்லை.

பொறுமை:
காலைநடை, அவர் கேட்பது எட்டு மாதம். ஒரு வாரத்தில் எலும்பும் தசைநாணும் ஒன்றும் இழப்பதில்லை. காய்ச்சல் முழுதாக விட்டிருந்தால் ஒருவார இடைவெளிக்கு எந்த விதியும் வேண்டாம், முதல் இரண்டு நாள் மெதுவாக ஓடினால் சரி.

கெண்டைக்கால்:
ரவி சொன்ன சோதனை உண்மை, எண்ணும் சரி. ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவு அதில் இல்லை. மெதுவாக ஏற்றிய கூட்டத்துக்குத் தனிப் பாதுகாப்பு கிடைக்கவில்லை என்றுதான் அது சொல்கிறது. ஒன்றுமே ஓடாதவர் முதல் வாரமே 25 கி.மீ. ஓடலாம் என்று அது சொல்லவில்லை. அந்த வழக்கமான திட்டமும் படிப்படியாக ஏறுகிற திட்டம்தான்.

தசை மறக்காது என்பதும் பாதி உண்மை, ஆபத்து அந்தப் பாதியில்தான் இருக்கிறது. ஓட்டத்தை நிறுத்தினால் முதலில் குறைவது இரத்தத்தின் அளவு. திரும்ப ஓடத் தொடங்கியதும் முதலில் மீள்வதும் அதுவே, ஓரிரு வாரம் போதும். ஆகவே மூன்றாவது வாரம் மூச்சு வாங்குவது குறையும், கால் லேசாக இருக்கும், பழைய வேகம் கைக்கெட்டுகிற மாதிரி தெரியும். எலும்பு அந்தக் கணக்கில் ஓடுவதில்லை. புதிய சுமை விழுந்ததும் அது முதலில் பழைய பகுதியை அரித்தெடுக்கிறது, அதற்குச் சில வாரம் ஆகும். அந்தக் குழியைப் புது எலும்பால் நிரப்பச் சுமார் மூன்று மாதம். நடுவில் ஒரு காலத்துக்கு எலும்பு தொடங்கியபோது இருந்ததைவிட மெலிந்து நிற்கிறது. மூச்சு "போ" என்று சொல்கிற வாரமும் எலும்பு மெலிந்து நிற்கிற வாரமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. வாரம் 50 ஓடியவருக்கு இந்த ஆபத்து புது ஆளைவிட அதிகம் என்றே நினைக்கிறேன். புது ஆளை மூச்சே நிறுத்திவிடும். இவரை எதுவும் நிறுத்தாது.

பொறுமை, உங்கள் கணக்கிலும் எனக்கு ஒரு சிக்கல். எதில் பத்து சதவீதம்? இவர் இப்போது ஓடுவது பூஜ்யம், பூஜ்யத்தில் பத்து சதவீதமும் பூஜ்யம். அந்த 8 எங்கிருந்து வந்தது என்று விதி சொல்லாது, அதை நீங்கள்தான் நிர்ணயித்தீர்கள். சரி, 8 என்றே வைப்போம். முதல் ஏற்றம் 800 மீட்டர். வாரம் மூன்று நாள் ஓடினால் ஒரு நாளுக்கு 270 மீட்டர்கூட வராது. உடம்புக்கு அது தெரியவே தெரியாது. பத்தொன்பதாவது ஏற்றம் 44.5-லிருந்து 49-க்கு, ஒரே வாரத்தில் 4.5 கி.மீ. நடுவில் ஒரு வாரம்கூட நிற்காத ஏற்றம். தாங்கக்கூடிய இடத்தில் விதி இழுத்துப் பிடிக்கிறது, நின்று நிதானிக்க வேண்டிய இடத்தில் அவிழ்த்து விடுகிறது.

பொறுமை:
கணக்கு சரிதான். நான்காவது வாரத்துக்கு ஒருமுறை குறைத்து ஓடச் சொல்வது வழக்கம், அதைச் சொல்லாமல் விட்டது என் பிழை. ஆனால் பத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைப்பீர்கள்? "உடம்பைக் கவனித்து ஏற்று" என்று மட்டும் சொன்னால், உடம்பு பொய் சொல்லும் என்று இப்போதுதான் நீங்களே சொன்னீர்கள்.

கெண்டைக்கால்:
நியாயமான கேள்வி. இவருக்கே போட்டுப் பார்ப்போம்.

முதல் நான்கு வாரம் கிலோமீட்டரை எண்ணவே வேண்டாம். ஒருநாள் விட்டு ஒருநாள், வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 30 நிமிடம் காலில் இருக்க வேண்டும். முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இரண்டாம் வாரம் அதைத் திருப்பிப் போடுங்கள்: இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. மூன்றாம் வாரம் நான்குக்கு ஒன்று. நான்காம் வாரம் 30 நிமிடமும் ஓட்டம். கிலோமீட்டருக்கு 7 நிமிடம் போல ஓடினால் அது நாளொன்றுக்கு 4 கி.மீ.யைத் தாண்டும், வாரம் 12, 13 கி.மீ. வரும். மூச்சு இன்னும் வேகமாக ஓடவிடும், ஓட வேண்டாம்.

அடுத்து நாளைக் கூட்டுங்கள், தூரத்தை அல்ல. ஐந்தாம் வாரம் நான்கு நாள், ஆறாம் வாரமும் அதே. ஏழாம் வாரம் ஐந்து நாள், சுமார் 21 கி.மீ. அதை எட்டிலும் ஒன்பதிலும் அப்படியே வைத்திருங்கள். வாரக் கணக்கில் பார்த்தால் ஐந்தாம் வாரம் ஏறியது 33 சதவீதம். ஆனால் எந்த ஒரு ஓட்டமும் நீளவில்லை, ஏறியபின் அதே அளவில் நிற்கவும் செய்கிறீர்கள். எலும்பு கேட்பது அந்த நிற்கிற வாரங்களை.

பத்தாம் வாரத்திலிருந்து வார மொத்தத்தில் 5 கி.மீ. ஏற்றி, ஒவ்வொரு அளவிலும் இரண்டு வாரம் நிற்கலாம். 21, 26, 31 என்று போய் 50-க்கு வர மொத்தம் ஏறக்குறைய இருபது, இருபத்தொரு வாரம். பொறுமையின் கணக்கும் கிட்டத்தட்ட அதே காலம்தான். ஏறுகிற வடிவம் வேறு.

ஒரு எண் வேண்டும் என்றால், பத்தையே வேறொரு இடத்தில் வைப்பேன். 2025-இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசினில் 5,200 ஓட்டக்காரர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு வந்தது. முந்தைய 30 நாளில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைவிட ஒரே ஓட்டம் பத்து சதவீதத்துக்கு மேல் நீண்டபோது காயம் கூடியது. அது இரண்டு மடங்குக்கு மேல் போனபோது ஆபத்தும் இரு மடங்கைத் தாண்டியது. இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிட்டபோது அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. எனவே பத்தைக் காக்க வேண்டிய இடம் ஒற்றை ஓட்டம். இவருடைய பழைய 18 கி.மீ. இந்தக் கணக்கில் சேராது, 30 நாளில் ஓடியது மட்டுமே சேரும்.

ரவி_டெம்போ:
முதல் மாசம் நடையும் ஓட்டமும், அதை ஒத்துக்கிறேன். 25-ல ஆரம்பிக்கச் சொன்னது அதிகம்தான், அந்த எலும்பு விஷயத்தை நான் யோசிக்கல. ஆனா உங்க திட்டமே உங்க ஆய்வுல தோத்துப் போகுதே? அஞ்சு நாளும் 4 கி.மீ. சொச்சம் ஓடுறவரு வாரத்துக்கு 5 ஏத்தணும்னா, ஒவ்வொரு ஓட்டமும் ஒரு கி.மீ. கூடும். அது 25 சதவீதத்துக்குக் கிட்ட வருது. பத்து எங்க போச்சு?

கெண்டைக்கால்:
சரியான பிடி. பத்தாம் வாரத்தை நான் எழுதிய விதம் தவறு. ஒரே வாரத்தில் ஐந்து ஓட்டத்தையும் ஒரு கி.மீ. நீட்டக்கூடாது. முதல் ஓட்டத்தில் 400 மீட்டர், அது பிரச்சினையின்றிக் கடந்தால் அடுத்ததில் இன்னொரு 400 என்று இரண்டு மூன்று வாரத்தில் 5 கி.மீ.க்கு வரட்டும். அப்படியானால் மொத்தக் காலம் ஓரிரு வாரம் நீளும், நீளட்டும்.

அதற்குக் கீழே, முதல் மாதத்தில், சதவீதம் உதவாது என்றே இன்னமும் நினைக்கிறேன். ஓட்டம் 10 நிமிடத்திலிருந்து 20-க்குப் போவது நூறு சதவீத ஏற்றம். ஆனால் அது தொடர்ச்சியான ஓட்டமல்ல, நடையால் துண்டாடப்பட்டது, காலில் நிற்கிற மொத்த நேரமும் 30-ஐத் தாண்டவில்லை. இது என் அனுபவத் தீர்ப்பு, அந்த ஆய்வு இதற்குச் சாட்சி சொல்லாது.

தாமரைச்செல்வன்:
நான்காம் ஐந்தாம் வாரத்தில் காலில் ஏதாவது தெரிந்தால், பழக்கமில்லாத வலியா, நிறுத்த வேண்டிய வலியா என்று எப்படிப் பிரிப்பது?

வைகறை:
இயன்முறை சிகிச்சையில் இருப்பவள், இதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். கீழ்க்காலின் உள்பக்க எலும்பை விரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் ஷின் ஸ்பிளின்ட்ஸ் எனப்படும் சுமை வலி. போன வார அளவுக்கு இறங்கி ஓடிப் பாருங்கள், குறைகிறதா என்று தெரியும். ஒரே விரல் வைக்கிற இடத்தில் மட்டும் சுள்ளென்று வலித்தால், அல்லது படுத்திருக்கும்போதும் வலித்தால், அந்தக் காலில் மட்டும் குதித்தால் அதே இடம் வலித்தால், அன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அது ஸ்ட்ரெஸ் ஃபிராக்சராக, அதாவது எலும்பில் விழும் மெல்லிய விரிசலாக இருக்கலாம், முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். எக்ஸ்ரே சுத்தம் என்று மறுநாளே ஓடப் போய்விடாதீர்கள், எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள்.

குதிகால் நாண் வேறு விதம். காலையில் எழுந்து வைக்கிற முதல் சில அடிகளில் விறைப்பு இருக்கும், நடக்க நடக்கத் தளரும். அது எத்தனை நிமிடத்தில் தளர்கிறது என்று குறித்து வையுங்கள். ஓடிய மறுநாள் காலை அந்த நேரம் நீண்டால் முந்தைய நாள் ஓட்டம் அதிகம். ஓடும்போது வலிக்கவில்லை என்பதை வைத்து நாணை எடைபோடாதீர்கள், சூடேறிய நாண் வலியைக் காட்டாது.

பொறுமை:
முதல் ஒன்பது வாரத்துக்கு வாரப் பத்து சதவீதம் உதவாது என்பதை ஏற்கிறேன். ஆனால் 30 கி.மீ.க்கு மேல் அதை விடமாட்டேன். அங்கே பத்து சதவீதம் என்பது 3, 4 கி.மீ., உங்கள் 5-ஐவிடக் குறைவு. அந்த ஆய்வு ஒற்றை ஓட்டத்தைப் பிடித்தது என்பதற்காக வார மொத்தத்தை எப்படியும் ஏற்றலாம் என்று ஆகிவிடாது.

கெண்டைக்கால்:
30-க்கு மேல் 3 ஏற்றினாலும் 5 ஏற்றினாலும், பின்னால் இரண்டு வாரம் நிற்பாரானால் எனக்குச் சண்டை இல்லை. நிற்காமல் வாராவாரம் 3 ஏற்றுவது எனக்கு அதிகம் பயம் தருகிறது.

பொறுமை:
மூன்று வாரம் ஏற்றி ஒரு வாரம் இறக்கினால் எனக்குப் போதும். இரண்டு வாரம் நிற்பது அதைவிட நல்லது என்று இன்னும் நான் நம்பவில்லை.