பனையோலை நுனியில வெள்ளைக் கோடு: வானம் மாத்தின அனுபவம்

வடலி
போன கார்த்திகையில ஒரு குறும்படத்துக்காகக் கைதடிப் பக்கம் வயல்வெளியில ஒரு காட்சி எடுத்தனாங்கள். அப்பு ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போறார், பின்னால நாலு பனை. அண்டைக்கு ஒரே மப்பு. போனில வானம் வெள்ளைக் கடதாசி மாதிரி விழுந்திட்டுது. கதைக்கோ செக்கல் நேரம் வேணும். DaVinci Resolve இல வெளிச்ச அளவை வைச்சு வானத்தை வெட்டிப்போட்டு, பண்ணையில எடுத்து வைச்சிருந்த செக்கல் வானத்தைப் பின்னால வைச்சன். முழுசாப் பார்க்க வடிவு. 200% பெருப்பிச்சால் ஒவ்வொரு ஓலை நுனியையும் சுத்தி மெல்லிய வெள்ளைக் கோடு. காத்துக்கு ஓலை ஆடேக்க அது மினுங்குது. மூண்டு இரவு இதோட போச்சு.

கேணியடியான்
சின்ன வேலை தம்பி. வெட்டின ஓரத்தை ரெண்டு பிக்சல் உள்ளுக்குத் தள்ளிவிடுங்கோ. கோட்டை மதிலுக்குப் பின்னால வானம் மாத்தினபோது நான் அப்பிடித்தான் செய்தனான், கோடு முழுக்கப் போட்டுது.

வடலி
செய்து பாத்தன் அண்ணை. கோடு போட்டுது, ஓலை நுனியும் சேர்ந்து போட்டுது. பனை மயிர் வெட்டினமாதிரி நிக்குது.

சின்னமணி
நானும் இதில மாட்டுப்பட்டனான். மகளின்ர வீடியோவுக்குக் குசினியில மண்சட்டி மிதக்கிறமாதிரி செய்தன். சட்டியை ஸ்ரூலில வைச்சு ஒருக்கா, எல்லாத்தையும் எடுத்திட்டு வெறுமையா ஒருக்கா, போனை அசைக்காமல் எடுத்தன். பிறகு ஸ்ரூல் நிண்ட இடத்துக்கு மட்டும் வெறும் படத்தைப் போட்டு மறைச்சன். சட்டி மிதக்குது. ஆனா நிலத்தில ஸ்ரூலின்ர நிழல் கிடக்கு. அதையும் மறைச்சால் சட்டியின்ர நிழலும் சேர்ந்து போகுது. ஆராவது வழி சொல்லுங்கோ.

மேகநாதம்
வடலி, மதிலின்ர ஓரம் நேர்கோடு, ரெண்டு பிக்சல் போனால் தெரியாது. ஓலை நுனியே ரெண்டு மூண்டு பிக்சல்தான். அந்தப் பிக்சல்களில பாதி ஓலை, பாதி பழைய வெள்ளை வானம் கலந்து கிடக்கு. எவ்வளவு வடிவா வெட்டினாலும் அந்த வெள்ளை கூடவே வரும். அதால வெட்டாதேங்கோ.

உங்கட வானம் வெள்ளையா இருக்கிறது உண்மையில வசதி. புது வானத்தை ரைம்லைனில படத்துக்கு மேல வையுங்கோ. `Inspector` இல `Composite Mode` எண்டதை `Multiply` ஆக்குங்கோ. வெள்ளையைப் பெருக்கினால் புது வானம் அப்பிடியே வரும், கறுப்பு ஓலை கறுப்பாவே நிக்கும், பாதிக் கலந்த நுனி தானாப் பாதி நிறம் எடுக்கும். பிறகு `Crop Bottom` ஆல வானத்தைத் தொடுவானத்தோட நிப்பாட்டி, `Softness` கூட்டிவிடுங்கோ. ஒண்டைக் கவனியுங்கோ: பழைய வானம் சாம்பலா இருந்தால் புது வானம் அழுக்காத் தெரியும். முதல்ல கலர் பக்கத்தில `Gain` ஐக் கூட்டி அதை முழு வெள்ளைக்குக் கொண்டு வாங்கோ. நீல வானத்துக்கு இந்த வழி சரிவராது, அதை வெட்டித்தான் ஆகவேணும்.

வடலி
அண்ணை, கோடு இல்லை! ஓலை நுனி எல்லாம் அப்பிடியே இருக்கு. ஆனா அப்புவின்ர வெள்ளைச் சட்டை தொடுவானத்துக்கு மேல வாற இடமெல்லாம் செம்மஞ்சள் ஆயிட்டுது.

மேகநாதம்
அது வரும், சட்டையும் வெள்ளைதானே. பழைய படத்தின்ர பிரதி ஒண்டை எல்லாத்துக்கும் மேல வைச்சு, சட்டைக்கு மட்டும் மாஸ்க் கீறுங்கோ. சட்டை ஓரத்தில கீறாமல், கொஞ்சம் உள்ளுக்கு, ஓரத்தை மென்மையா விட்டுக் கீறவேணும். அப்ப உண்மையான ஓரம் பெருக்கின படத்திலயே நிக்கும், புதுக் கோடு வராது. அவர் மெல்லத்தானே நடக்கிறார், பத்து ஃபிரேமுக்கு ஒருக்கா மாஸ்க்கை நகர்த்தினால் காணும்.

கேணியடியான்
போனைக் கையில பிடிச்சு எடுத்திருந்தால் வானமும் அசையவேணுமே. பனையை ட்ராக் பண்ணலாம்.

மேகநாதம்
ட்ராக் பண்ணவேணும், பனையை இல்லை அண்ணை. ஓலை காத்துக்கு ஆடும், அடிமரம் கிட்ட நிக்கிறதால கமரா நகர நகர வானத்தைவிட வேகமா ஓடும். ஆகத் தூரத்தில அசையாமல் நிக்கிற ஒண்டு வேணும். கைதடி வெளியில எடுத்தால் எங்கையாவது ஒரு ரவர் தெரியும்தானே.

வடலி
ரவரை வைச்சுச் செய்திட்டன், வானம் இப்ப ஒட்டி நிக்குது. வயலில தேங்கி நிக்கிற தண்ணி வெள்ளையாவே கிடந்தது. அதே வானத்தைத் தலைகீழாத் திருப்பி, தண்ணிக்கு மட்டும் வெட்டி, அதையும் `Multiply` இல போட்டன். ஒளிர்வைக் கொஞ்சம் குறைச்சன். அதோட படம் முழுக்க மாறிட்டுது.

மேகநாதம்
பாத்தன், நல்லாச் செய்திருக்கிறீர். இன்னும் எனக்கு ஒண்டு உறுத்துது. செக்கல் வெயில் ஒரு பக்கத்தால சரிஞ்சு வரும். உங்கட படம் மப்பில எடுத்தது, சைக்கிளுக்கும் நிழல் இல்லை, அப்புவின்ர முகத்தின்ர ரெண்டு பக்கமும் ஒரே வெளிச்சம். மாரி மேகம் போட்டால் அச்சாப் பொருந்தும்.

வடலி
கதையில அவர் பொழுதுபட வீட்டுக்கு வாறார் அண்ணை, மழை இல்லை. சூரியன் மறைஞ்ச பிறகு வாற வானம் போட்டுப் பாக்கட்டோ? அப்ப நிழல் இருக்காதுதானே.

சின்னமணி
என்ர ஸ்ரூல் நிழலுக்கு இன்னும் ஒருதரும் மறுமொழி சொல்லேல்லை.